நீதியைச் சுமக்கும் கதை: பாரதியின் ‘கண்ணன் என் சேவகன்’

கோவில்பட்டிக்கு அருகே, கரிசல் மண்ணில் அமைந்த எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்தவர் பாரதி. அவரது ‘பாப்பா பாட்டு’ குழந்தையை நேராக விளித்து இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்கிறது. ‘கண்ணன் என் சேவகன்’ வேறு வழியில் செல்கிறது.

வீட்டுக்காரர் ஒருவர் தம் வேலைக்காரர்களைப் பற்றிப் புலம்புவதில் பாட்டு தொடங்குகிறது. வேலைக்கு வராததற்குத் தேள் கடி, பாட்டியின் சாவு, மனைவிக்குப் பேய் என்று சாக்குகள். பின்பு எங்கிருந்தோ ஓர் இடையன் வந்து வேலை கேட்கிறான். கூலி என்ன என்று கேட்டால், காசைவிட அன்பே பெரிது என்கிறான்.

பாட்டின் நீதி இதுதான். ஆனால் கேட்டவர் மனம் உருகுவதில்லை; இவன் பழைய காலத்துப் பைத்தியம் என்று எண்ணி மகிழ்ச்சியோடு வேலைக்கு வைத்துக்கொள்கிறார். நீதி ஒலிக்கும் இடத்திலேயே அது சிரிப்புக்கு உள்ளாகிறது. அதனால் வாசகருக்கு யாரும் உபதேசம் செய்ததாகத் தோன்றுவதில்லை. அந்தப் பைத்தியம் குடும்பத்தைக் கண்ணுக்கு இமைபோலக் காக்கும்போதுதான், அவன் சொன்னது மெய் என்பதை வீட்டுக்காரரோடு நாமும் உணர்கிறோம்.

குறையும் உண்டு. இறுதியில் அவனால் வந்த செல்வம், புகழ், கவிதை, ஞானம் ஆகியவை அடுக்கப்படுகின்றன. அங்கே கதை நின்று பட்டியல் தொடங்குகிறது. பாட்டு சற்றே உபதேசத்தின் பக்கம் சாய்கிறது.

செய்திப் பாடல் எழுதுவோர் இதைக்கொண்டு தம் பாடலைச் சோதிக்கலாம். கதையை நீக்கிய பின்னும் நீதி அப்படியே நின்றால், அந்தக் கதை வெறும் அலங்காரம்.