பரிந்துரை கேட்கும் மின்னஞ்சல்

மார்க்கெட்டிங் முதுகலைப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலின் அழகு முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும். "வணக்கம் மேடம். 2023இல் உங்கள் நுகர்வோர் நடத்தை வகுப்பில் படித்தேன். டீக்கடைகளில் பிஸ்கட் வாங்கும் 60 பேரிடம் பேசி அறிக்கை தந்தது எங்கள் குழுதான்" என்று படித்ததும், நூறு மாணவர்களுக்கு நடுவே ஒரு முகம் அவருக்குத் தெளிந்து வருகிறது. கடிதத்தில் எழுத வேண்டிய சான்றும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. மதிப்பெண்ணை மட்டும் சொல்லும் மடலுக்கு இந்த உயிர் இல்லை.

பணிவின் நயம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. "கடிதம் தாருங்கள்" என்பதைவிட, "என்னைப் பற்றி நம்பிக்கையோடு எழுத முடியுமா மேடம்? நேரம் இல்லையென்றாலும் புரிந்துகொள்வேன்" என்பது எவ்வளவு மென்மை! மறுக்க வழி விடுவதால் அரைமனதுக் கடிதம் வருவது பெரும்பாலும் தவிர்ந்துபோகிறது. கடைசித் தேதி, தன்விவரம், பழைய அறிக்கை எல்லாம் அதே மடலில் சேர்ந்திருக்கும். கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பைப் பல பல்கலைக்கழகங்கள் பேராசிரியருக்கே நேராக அனுப்புகின்றன. அது ஸ்பேமில் விழலாம் என்று ஒரு வரி சேர்ப்பது நல்ல அக்கறை. கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்பே இந்த மடலை அனுப்பிவிட வேண்டும்.