முகப்பை விடுங்கள், முதுகைக் காட்டுங்கள்

பழைய சுவர்க்கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இது எந்தக் காலத்தது, என்ன மதிப்பு இருக்கும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் அனுப்புவார்கள். நேர் எதிரே நின்று எடுத்த முகப்பு, நடுவில் ஃபிளாஷ் வெளிச்சம் தெறிக்கும் கண்ணாடி. கடிகாரத்தில் மிகக் குறைவாகப் பேசும் பகுதி அதுதான். டயலை மாற்றுவது சுலபம். பழைய டயல் உரிந்துபோனால் காகிதத்தில் அச்சடித்த புதியதை ஒட்டிவிடுவார்கள். வேண்டிய கம்பெனியின் பெயரும் அந்த அச்சிலேயே வந்துவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சிதறுவது தெரியும். அது இந்தக் காலத்து அச்சு.

ஆனாலும் முகப்புப் படத்தில் இரண்டு இடங்களை நான் விடாமல் பார்ப்பேன். ஒன்று சாவித் துளைகள். சாவி மாட்டும் சதுரத் தண்டு துளையின் சரிநடுவில் நிற்க வேண்டும். ஓரம் தள்ளி நின்றால் டயலும் மெஷினும் ஒன்றுக்கொன்று பிறந்தவை அல்ல. மற்றொன்று முட்கள். பெரிய முள்ளின் நுனி நிமிடக் கோடுகளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்; சின்ன முள் எண்களின் உள்விளிம்போடு நின்றுவிடும். செய்தவன் அளந்து வைத்த அளவு அது. வேறு கடிகாரத்தின் முள்ளைக் கொண்டுவந்து மாட்டினால் இந்த அளவு கெட்டுவிடும். அழகான டயலில் குட்டையான பெரிய முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

மற்றதெல்லாம் உள்ளே இருக்கிறது. போன வருஷம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் படம் அனுப்பினார். நீளமான மரப்பெட்டி, உச்சியில் முன்னங்கால் தூக்கிய குதிரை, கண்ணாடிக்குப் பின்னால் 'R', 'A' என்ற எழுத்துகள் பொறித்த பித்தளைப் பெண்டுலம். தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்று வீட்டில் சொல்வார்களாம். பார்க்க வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் 150 வருஷத்துக் கடிகாரம் என்று சொல்லியிருந்தார். "சார், பெண்டுலத்தில் இருக்கும் எழுத்து கம்பெனி பேரா?" என்று கேட்டார் ஆசிரியர். இல்லை. வேகம் கூட்டுவதையும் குறைப்பதையும் சொல்லும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பல ஜெர்மன் கம்பெனிகள் அதே பெண்டுலத்தை வைத்தன. அதைக் கொண்டு செய்தவரைக் கண்டுபிடிக்க முடியாது.

மெஷினின் பின்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். ஜெர்மன் கடிகாரங்களில் கம்பெனி முத்திரை அநேகமாகச் சுவரைப் பார்த்த பித்தளைத் தகட்டில்தான் இருக்கும். பெண்டுலத்தை முதலில் கழற்றி வைத்துவிட்டு, மெஷினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் கைத்திருகுகளைத் தளர்த்தினால் டயலோடு சேர்ந்து மெஷின் வெளியே வந்துவிடும். தகடுகளைப் பிணைக்கும் திருகுகளை மட்டும் தொடக் கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது; தகடு பிரிந்தால் விரலைப் பதம் பார்த்துவிடும். அமெரிக்காவின் ஆன்சோனியா போன்றவற்றில் முத்திரை பெரும்பாலும் முன்தகட்டில், டயலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கே டயலைத்தான் கழற்ற வேண்டும்.

ஆசிரியர் பொறுமைசாலி. ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுத்திருந்தார். நேர் வெளிச்சத்தில் மங்கிப்போகும் முத்திரை, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். எட்டு முனை நட்சத்திரம், நடுவில் 'J'. அதன் கீழே 'B 12'. இன்னும் கீழே 32, 116 என்று இரண்டு எண்கள்.

நட்சத்திரம் ஜங்ஹான்ஸ் கம்பெனியுடையது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஷ்ராம்பெர்க் என்ற ஊரில் 1861இல் தொடங்கிய கம்பெனி. எட்டு முனை நட்சத்திரத்தை அவர்கள் பதிவு செய்தது 1890இல். ஆக, அந்த நட்சத்திரம் இருக்கும் எந்தக் கடிகாரமும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 150 வருஷக் கதை அங்கேயே முடிந்துவிட்டது. 'B 12' அதைவிடத் துல்லியம். ஜங்ஹான்ஸ் மெஷின்கள் பலவற்றில் தயாரான அரையாண்டு குறிக்கப்பட்டிருக்கும்: A என்றால் ஆண்டின் முதல் பாதி, B என்றால் இரண்டாம் பாதி. இது 1912 ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் பிறந்த மெஷின். பர்மாவில் நம் ஊர்க்காரர்கள் கொடிகட்டிப் பறந்த காலம். குடும்பக் கதைக்கு எந்தக் குறையும் வரவில்லை. இப்படிப்பட்ட குறிகளை வாசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அமெரிக்காவின் சேத் தாமஸ் கம்பெனி ஒருகாலத்தில் ஆண்டைத் திருப்பிப் போட்டு, பக்கத்தில் மாதத்துக்கு ஓர் எழுத்து வைத்தது. '8981 H' என்று இருந்தால் 1898 ஆகஸ்ட். தெரியாதவர் அதை வரிசை எண் என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

32, 116 இரண்டும் பெண்டுலத்தின் ஜாதகம். 32 என்பது சென்டிமீட்டரில் அதன் நீளம். 116 என்பது ஒரு நிமிடத்தில் கேட்க வேண்டிய டிக் ஒலிகள். நான் மிகவும் நம்பும் சோதனை இதுதான், ஏனென்றால் இதை யாரும் மெருகேற்றி ஏமாற்ற முடியாது. கடிகாரத்தை ஓடவிட்டு ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எண்ணினேன், 116. பெண்டுலத்தின் அடியில் இருக்கும் திருகு, மரையின் நடுவில் நின்றது. அதைக் கடைசிவரை இறக்கியோ ஏற்றியோ வைத்திருந்தால், வேறு பெண்டுலத்தைக் கொண்டுவந்து எப்படியோ ஓடவைத்திருக்கிறார்கள் என்று பொருள். இங்கே அப்படி இல்லை. இன்னொன்றும் பார்த்தேன்: பெண்டுலத்தின் வட்டத்தகடு கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில், அதற்கென்று விட்ட இடத்தின் மையத்தில் ஆடியது. பெட்டி வேறு கடிகாரத்தினுடையது என்றால் தகடு மேலே ஏறியோ கீழ்ச்சட்டத்துக்குப் பின்னால் மறைந்தோ நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு சிக்கல் பின்பலகையில் வந்தது. மெஷினைக் கழற்றிய காலிப் பெட்டியின் படத்தில் பழைய திருகுத் துளைகள் ஒன்றுகூட இல்லை. நூறு வருஷம் மெஷினைத் தாங்கிய பலகையில் மெஷினின் நிழல் விழுந்திருக்கும். தூசியும் விளக்குப் புகையும் படாத இடம் வெளிறிய உருவமாக நிற்கும். மணியடிக்கும் கம்பிச் சுருளுக்குப் பின்னாலும் அப்படித்தான். இந்தப் பலகையில் எந்த நிழலும் இல்லை. பக்கச் சுவர்களின் உள்பரப்போ புகை படிந்து கறுத்திருந்தது. பலகை தேக்கு, பக்கங்கள் ஊசியிலை மரத்தின் மேல் மெல்லிய வால்நட் தோல் ஒட்டியவை, ஜெர்மன் தொழிற்சாலை வழக்கப்படி.

பெட்டி மாறிவிட்டதா, பலகை மட்டும் மாறியதா? கம்பிச் சுருளைத் தட்டும் சுத்தியின் தண்டைப் பார்த்தேன். நேராக, வளைக்கப்படாமல், சுருளின் ஓரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேறு பெட்டிக்குள் மெஷினைத் திணிப்பவர்கள் சுத்தி எட்டாமல் தண்டை இழுத்து வளைப்பார்கள். குறட்டின் பல் பதிந்த தழும்பு இருக்கும். அதுவும் இல்லை. ஆசிரியரிடம் கேட்டதும் அவருடைய அக்காவுக்கு நினைவு வந்தது: சுவரில் கரையான் ஏறிப் பலகையை அரித்துவிட்டது, ஆசாரி வந்து புதுப்பலகை போட்டார், அவள் அப்போது சின்னப் பெண். பலகையைப் பிடிக்கும் திருகுகளின் தலையில் நட்சத்திரக் கீறல் இருந்தது. அந்தவகைத் திருகு 1930களுக்கு முன்னால் கிடையாது. அக்காவின் நினைவோடு அது ஒத்துப்போனது.

இந்த வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். கரையான் அரித்த பலகைக்குப் பதில் நல்ல பலகை போட்டது வைத்தியம். ஒரு கடிகாரத்தின் மெஷின், இன்னொன்றின் பெட்டி, அச்சடித்த டயல் என்று கூட்டிச் சேர்த்து ஒரே பொருளாக விற்பது வேறு. முதலாவதில் மதிப்பு கொஞ்சம் குறையும். இரண்டாவதில் சேகரிப்பாளருக்கு மதிப்பே போய்விடும், உதிரிப் பாகங்களின் விலைதான் மிஞ்சும்.

இனி மதிப்பு. வயதைப் போல விலையைத் தவறாகக் காட்டும் அளவுகோல் வேறில்லை. 1903 வாக்கிலேயே ஜங்ஹான்ஸ் உலகின் மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலையாக இருந்தது. அவ்வளவு செய்தார்கள், உலகமெங்கும் அனுப்பினார்கள், அவ்வளவும் உழைத்தது. அதனால் ஸ்பிரிங்கில் ஓடி, மணிக்கும் அரைமணிக்கும் அடிக்கும் இரண்டு துளை ஜங்ஹான்ஸ் அரிய பொருள் அல்ல. கால்மணிக்கொரு முறை இசைக்கும் மூன்று துளைக் கடிகாரம் அதைவிட மேல். ஸ்பிரிங்குக்குப் பதில் பித்தளை எடைகள் தொங்கி ஓடும் வியன்னா பாணிக் கடிகாரம் அதற்கும் மேல். சாவித் துளைகளுக்குக் கீழே கயிற்றில் எடை தொங்குகிறதா என்று ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். ஆசிரியருடையது இரண்டு துளை. ஆனால் மெஷின், பெண்டுலம், டயல், முட்கள், சுருள் எல்லாம் பிறந்தபோது இருந்தவை. பின்பலகை மட்டும் புதிது. உச்சிக் குதிரையின் நிறம் பெட்டியின் நிறத்தோடு சேரவில்லை, அதையும் பிற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த வகையில் நல்ல நடுத்தர விலை என்று எழுதினேன், வியாபாரி கேட்டதைவிட அதிகம், வீட்டார் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

படத்தில் தெரியாதவை உண்டு. அச்சுத் துளைகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதைக் கையில் எடுத்து அசைத்துப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். ஆனால் துளையைச் சுற்றி ஆணியால் குத்திய புள்ளிகள் வட்டமாக இருந்தால், புஷ் போடாமல் துளையைக் குத்தி நெருக்கிய அவசர வேலை நடந்திருக்கிறது என்று படமே சொல்லிவிடும். ஆசிரியரின் மெஷினில் மணியடிக்கும் பக்கம் ஒரே ஒரு துளையைச் சுற்றி அப்படி ஏழெட்டுப் புள்ளிகள் இருந்தன. அங்கே புஷ் போடச் சொன்னேன். மரத்துக்குப் பாலிஷ் அடிக்க வேண்டாம், பித்தளையை எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்க்க வேண்டாம், புதுப் பலகையைப் பழையதுபோலக் கறுப்பாக்க வேண்டாம் என்றும் எழுதினேன். குதிரையை மட்டும் என்ன செய்வது என்று கேட்டார். அதைக் கழற்றி, அடியில் முளைக்குச்சி பொருந்தும் துளை பழையதா புதியதா என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.