பொருள் வழுவும் இலக்கண வழுவும்: மூளை மின்னலைச் சான்று குறித்த ஒரு மதிப்பீடு

“ஒரத்தநாட்டு உழவர் வயலில் நாற்றை நட்டார்” என்பது வழாநிலை. “மேகத்தை நட்டார்” எனின் பொருள் பிறழ்கிறது. “உழவர் நாற்றை நட்டது” எனின் முடிபு பிறழ்கிறது. எதிர்பாராச் சொல் தோன்றி ஏறத்தாழ 400 மில்லி விநாடியில் எழும் எதிர்மின் அலையைக் குட்டாசும் ஹில்யார்டும் 1980இல் கண்டறிந்தனர், அது என்400. தொடரியல் பிறழ்வுக்கு ஏறத்தாழ 600 மில்லி விநாடியில் எழும் நேர்மின் அலையை ஆஸ்டர்ஹவுட்டும் ஹோல்கோம்பும் 1992இல் விளக்கினர், அது பி600. முன்னது பொருளுக்கு, பின்னது இலக்கணத்துக்கு என்னும் பகுப்பு இதிலிருந்து உருவானது.

இப்பகுப்பு முழுமையாகப் பொருந்தவில்லை. இந்தியில் ‘நே’ உருபு பெற்ற எழுவாய் நிறைவுற்ற வினையையே வேண்டும். அதன்பின் நிறைவுறா வினை வந்தபோது என்400 எழுந்து, அதைத் தொடர்ந்து நேர்மின் அலையும் எழுந்ததைச் சௌத்ரி முதலியோர் 2009இல் காட்டினர். வழு இலக்கணத்தது, முதலில் எழுந்ததோ பொருளுக்குரியதாகக் கருதப்பட்ட அலை. உருபு ‘செய்தவர் யார்’ என்பதை உணர்த்துவதால் அதன் பிறழ்வு பொருள்கோளையும் தாக்குகிறது எனக் கொள்வதே பொருத்தம்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. ‘நட்டது’ என்பதில் வழுவுவது திணை. திணையோ வினைமுடிபை ஆளும் இலக்கணக் கூறாகவும் உயர்வு, அஃறிணை எனும் பொருட்பகுப்பாகவும் ஒருங்கே நிற்பது. எனவே எழும் அலையை மட்டும் கொண்டு வழுவின் வகையைத் துணிதல் இயலாது. மேலும், வினை இறுதியில் நிற்பதால் வழுவின் அலையோடு தொடர் முடிவுக்குரிய அலையும் கலக்கும். வினைக்குப்பின் “என்று அண்டைவீட்டார் சொன்னார்” போன்ற பகுதியைச் சேர்த்தால் இக்கலப்பைக் குறைக்கலாம்.