ஒரே கருவி, மூன்று வெட்டுப்புள்ளிகள்

ஒரு கட்டுரையை மனிதர் எழுதினாரா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று பார்க்கும் கண்டறிகருவிகள் பெரும்பாலும் 0 முதல் 100 வரை ஒரு புள்ளியைத் தருகின்றன. எந்தப் புள்ளிக்கு மேலே எச்சரிக்கை எழ வேண்டும் என்பதை யாரோ ஒரு மனிதர் தீர்மானிக்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒப்படைகளைத் திருத்தும் ஒரு பாடசாலை, கொட்டாஞ்சேனையில் கையெழுத்துப் பிரதிகளைப் பெறும் ஒரு பதிப்பகம், நகரில் ஆள் சேர்க்கும் ஒரு கம்பனி ஆகிய மூன்றும் ஒரே கருவியை வாங்கினாலும் ஒரே வெட்டுப்புள்ளியை வைக்கக் கூடாது. தவறுக்குக் கொடுக்கும் விலை இடத்துக்கு இடம் மாறுகிறது.

தவறு இரண்டு வகை. மனிதர் எழுதியதை இயந்திரத்தினது என்பது ஒன்று. இயந்திரம் எழுதியதை நழுவவிடுவது மற்றொன்று. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, அதன் சொந்தச் சோதனையிலேயே இயந்திர எழுத்தில் நூற்றுக்கு 26ஐத்தான் பிடித்தது. மனித எழுத்தில் நூற்றுக்கு 9ஐத் தவறாகச் சுட்டியது. அதே ஆண்டு ஜூலையில் நிறுவனமே அதை மீளப்பெற்றது. வெட்டுப்புள்ளியை உயர்த்தினால் வீண்பழி குறையும், நழுவல் கூடும். இறக்கினால் எதிர்மாறு நடக்கும். இரண்டையும் ஒன்றாகக் குறைக்க வெட்டுப்புள்ளியால் முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 எழுத்துக்கள் வருகின்றன. அவற்றில் 20 இயந்திரத்தினுடையவை என்று வைத்துக்கொள்வோம். தாழ்ந்த வெட்டுப்புள்ளி 18ஐப் பிடித்து 2ஐ நழுவவிடுகிறது. கூடவே குற்றமற்ற 18 பேரையும் சுட்டுகிறது. உயர்ந்த வெட்டுப்புள்ளி 10ஐ மட்டுமே பிடிக்கிறது, வீண்பழி ஒருவருக்குத்தான்.

பாடசாலையில் ஒரு மாணவிமீது விழும் பொய்க் குற்றச்சாட்டு, பெற்றோரை அழைப்பதிலிருந்து நற்சான்றிதழ் வரை போகலாம். நழுவிய ஒப்படையால் வரும் இழப்பை 1 என்றால், பொய்க் குற்றச்சாட்டை 20 என்று மதிப்பது மிகையல்ல. அப்போது தாழ்ந்த வெட்டுப்புள்ளியின் மொத்த இழப்பு 362, உயர்ந்ததற்கு 30. பதிப்பகத்தில் எச்சரிக்கை என்றால் ஆசிரியர் பிரதியை இன்னொருமுறை வாசித்து, எழுதியவரோடு பேசிப் பார்ப்பார். அந்தச் சிரமம் 1. இயந்திர நூலொன்று அச்சேறினால் போகும் பெயர் 10. இங்கே தாழ்ந்ததற்கு 38, உயர்ந்ததற்கு 101. கருவியும் எண்ணிக்கையும் அதேதான், விடை தலைகீழ்.

கம்பனியின் கணக்குத்தான் கவனிக்க வேண்டியது. நல்ல விண்ணப்பதாரியைத் தவறவிடும் இழப்பு 1, இயந்திரக் கடிதத்தால் ஏமாறும் இழப்பு 2 என்று கம்பனி கருதினால், தாழ்ந்ததற்கு 22, உயர்ந்ததற்கு 21. ஏறத்தாழச் சமம், வேலையைக் குறைப்பதற்காகத் தாழ்ந்ததையே பிடித்துக்கொள்வார்கள். விலக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை என்பதால் தவறு வெளியே தெரிவதுமில்லை. அவர் இழந்த வேலையையும் சேர்த்து, வீண்பழியின் இழப்பை 10 என்று எழுதினால் 184க்கு 30 என்றாகிறது. ஆக, இந்த முறையின் பலமும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இழப்பை எண்ணாக எழுதச் செய்வதால் மறைந்திருந்த தீர்மானம் வெளிச்சத்துக்கு வருகிறது. ஆனால் எண்ணை எழுதுபவர் எப்போதும் பலமுள்ள தரப்பு.

இரண்டாவது குறை சராசரியில் ஒளிந்திருக்கிறது. வீண்பழி எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2023இல் 7 கருவிகளிடம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகள் இயந்திரத்தினவை என்று சுட்டப்பட்டன. அமெரிக்க மாணவரின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகச் சொற்பம். எளிய சொற்களும் பழகிய வாக்கிய அமைப்பும் கருவியின் கண்ணுக்கு இயந்திரமாகத் தெரிகின்றன. தமிழ்மொழி மூலம் படித்து, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை எந்தப் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் இடத்தில் வீண்பழி எவ்வளவு என்று சோதிக்க வழி உண்டு. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல் வந்தது. அதற்கு முந்திய சொந்த ஒப்படைகளையும் பிரதிகளையும் விண்ணப்பங்களையும், அவை எழுதப்பட்ட மொழியிலேயே, கருவியிடம் கொடுங்கள். அங்கே எழும் எச்சரிக்கைகளை ஏறக்குறைய எல்லாமே வீண்பழி என்று கொள்ளலாம். நூறில் ஒன்றுகூட எழாவிட்டாலும் உண்மைத் தவறு நூற்றுக்கு 3 வரை இருக்க இடமுண்டு என்பது புள்ளிவிவர விதி. ஆகவே சில நூறு எழுத்துக்களாவது தேவை.

என் தீர்ப்பு இது. பதிப்பகம் தாழ்ந்த வெட்டுப்புள்ளியை வைக்கலாம், எச்சரிக்கை வாசிப்பில் முடியும் வரை. பாடசாலை மிக உயர்ந்ததை வைத்து, எழுதிய பிள்ளையோடு பேசாமல் எதையும் முடிவுசெய்யாதிருக்க வேண்டும். ஆள் சேர்ப்பவர்கள் இந்தப் புள்ளியைக் கொண்டு எவரையும் விலக்கக் கூடாது. நேர்முகப் பரீட்சையன்று ஒரு பக்கம் எழுதக் கொடுத்தால் போதும்.