ட்யூபின் பின்பக்கம்

முதுகலை மாணவி ஒருத்தி போன மாதம் ஒரு முகக் க்ரீமைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "ஆயுர்வேதம்தானே மேம், பக்கவிளைவு இருக்காதுன்னு போட்டேன். ஒரே வாரத்துல வெளுத்துச்சு. இப்ப நிறுத்துனா முகம் எரியுது." கவிதையை வாசிப்பதுபோல அந்த லேபிளையும் இருவரும் வரிவரியாக வாசித்தோம்.

முன்பக்கத்தில் 'ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்'. பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் 'ஆயுர்வேதிக் ப்ரொப்ரைட்டரி மெடிசின்'. இரண்டும் ஒன்றல்ல. மூலிகைகள் சட்டம் ஏற்ற பழைய நூல்களின் மருந்துகளில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஆனால் இந்தச் சேர்மானம் நிறுவனம் தானே கூட்டியது. எந்த ஏட்டிலும் இப்படியே இருக்கத் தேவையில்லை. பாட்டியின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள், பாட்டி இதைக் கண்டதே இல்லை.

அடுத்து உரிம எண். அது மாநில உரிம அதிகாரி தயாரிக்கத் தந்த அனுமதி. வெளுப்பாக்கும் என்பதற்கான சான்று அன்று. பக்கத்திலேயே 'ஜி.எம்.பி. சான்று பெற்றது' என்று பெருமையாக ஒரு முத்திரை. நல்ல உற்பத்தி முறையைப் பின்பற்றாத ஆயுர்வேத ஆலைக்கு உரிமமே கிடையாது. கட்டாயத்தைச் சாதனையாகக் காட்டுகிறார்கள். 'ஹெர்பல்' என்ற சொல்லோ உரிமத்தின் எந்த வகையும் அன்று. அழகுசாதன உரிமத்தில் வரும் க்ரீமும் அதை அச்சிட்டுக்கொள்ளலாம்.

சேர்மானப் பட்டியல்தான் சுவையானது. 10 கிராமில் மஞ்சள், அதிமதுரம், மஞ்சிட்டி தலா 50 மில்லிகிராம், குங்குமப்பூ 5. பிறகு 'க்ரீம் பேஸ் க்யூ.எஸ்.', அதாவது மீதி எல்லாம் அதுவே. கூட்டினால் மூலிகை 155 மில்லிகிராம், ஒன்றரை சதவீதம். 30 கிராம் ட்யூபில் குங்குமப்பூ 15 மில்லிகிராம், ஏழெட்டு இழை. அட்டையில் அது பூந்தோட்டமாக விரிந்திருக்கிறது. அளவு குறைவென்பதாலேயே மோசடி என்று சொல்லமாட்டேன். செறிவூட்டிய சாறு என்றால் கொஞ்சமே போதும். ஆனால் அது சாறா பொடியா என்று இந்த லேபிள் சொல்லவில்லை.

'7 நாளில் நிறம்' என்பதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. தேடிப் பார்த்தால் அடியில்: 'பயன்படுத்தியோர் கருத்தின்படி'. அளந்து பார்த்தவர் யாருமில்லை. கறுப்பாக இருக்கிறோம் என்று கூசிய பெண்களிடமே கேட்டு, அந்தக் கூச்சத்தையே சான்றாக்கியிருக்கிறார்கள். வெண்புள்ளி போன்ற சில நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லக்கூடாதென மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. அதனால்தான் 'குணமாக்கும்' இருக்க வேண்டிய இடத்தில் 'உதவும்', 'பொலிவு தரும்' என வினைச்சொற்கள் நழுவுகின்றன.

இவ்வளவு வாசித்தும் அவள் எரிச்சலுக்கு லேபிளில் விடையில்லை. ஒரு வாரத்தில் வெளுப்பதும், நிறுத்தியதும் சிவந்து எரிவதும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களின் குணம். கலந்தவர் அதை அச்சிடமாட்டார். ஆய்வகத்தில்தான் தெரியும். "ட்யூபைத் தூக்கிப் போட்டுடாதே, பேட்ச் எண் அதுலதான் இருக்கு. தோல் டாக்டர்கிட்ட அதோட போ" என்றேன். அட்டைப்பெட்டியை ஏற்கெனவே எறிந்துவிட்டிருந்தாள்.