மூன்று மரக்கட்டைக் கணக்கு

2011இல் முழுமையாக வெளியான மைன்கிராஃப்ட் விளையாட்டின் அழகு, அதன் முதல் மூன்று மரக்கட்டைகளிலேயே தெரிந்துவிடும். ஒரு கட்டையிலிருந்து நான்கு பலகைகள் கிடைக்கும், மூன்றுக்குப் பன்னிரண்டு. பட்டறை மேசைக்கு நான்கு பலகைகள் போகும். மரக் குந்தாலிக்கு மூன்று பலகைகளும் இரண்டு குச்சிகளும் வேண்டும். இரண்டு பலகைகள் நான்கு குச்சிகளாவதால், இரண்டு குச்சிகள் மிஞ்சும். அவையே அடுத்த கல் குந்தாலியின் கைப்பிடி.

மரக் குந்தாலியால் கல்லும் நிலக்கரியும் எடுக்கலாம். மூன்று கற்கள் கல் குந்தாலிக்கு, எட்டு உலைக்கு. கல் குந்தாலி இரும்புத் தாதுவைத் தரும். ஒரு நிலக்கரி எட்டுப் பொருள்களை உருக்கும் என்பதால் மூன்று இரும்புக் கட்டிகளுக்கு ஒன்றே போதும். எஞ்சிய பலகைகளில் இரண்டு மறுபடி குச்சிகளாகி இரும்புக் குந்தாலியை முடிக்கும். கடைசியில் ஒரு பலகை மிஞ்சும்.

படி தாண்ட இங்கே வழியில்லை. மரக் குந்தாலியால் இரும்புத் தாதுவை அடித்தால் அது மெதுவாக உடையும். கைக்கு ஒன்றும் வராது. வைரத்தைக் கல் குந்தாலியால் அடித்தாலும் இதே இழப்புதான்.

கருவிகளும் தேய்கின்றன. மரக் குந்தாலி 59 அடிகள் தாங்கும், கல் 131, இரும்பு 250. அதனால் தேடல் நிற்பதில்லை. ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவிக்கான பொருளை எட்டும் அளவுக்கே ஆற்றல் பெற்றிருப்பதுதான் இந்தச் சுழற்சியின் நேர்த்தி.