சராசரிக்குப் பக்கத்தில் இன்னொரு எண்

சார்,

வாராந்தர அறிக்கையில் சராசரி அழைப்பு நேரத்தோடு இடைநிலை நேரத்தையும் ஏன் சேர்க்கிறேன், ஒரே எண் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே எண் போதாது என்பது என் முடிவு. அதேசமயம், இடைநிலையே சரியான எண், சராசரி தவறானது என்று டீம் லீடர்கள் சிலர் பேசத் தொடங்கியிருப்பதையும் நான் ஏற்கவில்லை. இரண்டுக்கும் வேலை வேறு, குறைகளும் வேறு.

நம் கிரெடிட் கார்டு வரிசையில் வருவதைப் போன்ற 11 அழைப்புகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பேசிய நேரம், ஹோல்டு, பேசி முடித்தபின் பதிவு செய்யும் நேரம் எல்லாம் சேர்த்து நொடிக் கணக்கில் அவை 95, 120, 140, 160, 175, 190, 210, 240, 280, 330, 1580. கடைசி அழைப்பு, தான் செய்யாத செலவு கார்டில் ஏறியிருக்கிறது என்ற புகார். கார்டை முடக்க வேண்டும், புகாரைப் பதிய வேண்டும், வாடிக்கையாளரை ஹோல்டில் வைத்து மோசடித் தடுப்புப் பிரிவிடம் பேச வேண்டும். 26 நிமிடம் ஓடிவிடுகிறது. மொத்தம் 3520 நொடி, சராசரி 320. வரிசையின் நடுவில் நிற்கும் ஆறாவது அழைப்பு 190 நொடி, அதுதான் இடைநிலை. 11 அழைப்புகளில் 9, சராசரியைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்திருக்கின்றன. '5 நிமிடம் 20 நொடி' என்று அறிக்கையில் படிப்பவர் அதையே வழக்கமான அழைப்பின் நீளம் என்று எடுத்துக்கொண்டால், வழக்கமான அழைப்பை அவர் பார்க்கவே இல்லை.

இது நம் வரிசைக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. ஓர் அழைப்பு பூஜ்யத்துக்குக் கீழே சுருங்க முடியாது. மேலே நீள்வதற்கோ எல்லை கிடையாது. அதனால் அழைப்பு நேரங்களுக்குப் பெரும்பாலும் ஒரு நீண்ட வால் இருக்கும். இஸ்ரேலிய வங்கி ஒன்றின் அழைப்பு மையத்தில் 1999-இல் பதிவான அழைப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 2005-இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் இதழில் வெளியான ஆய்விலும் இதே வடிவம்தான் தெரிந்தது.

இப்படியிருந்தும் சராசரியை நான் எடுத்துவிடாததற்கு வலுவான காரணம் உண்டு. எத்தனை பேரை உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். மணிக்கு 90 அழைப்பு வந்தால், 320 நொடி வீதம் மொத்த வேலை 28,800 நொடி. அதாவது எந்த நேரத்திலும் சராசரியாக 8 பேர் அழைப்பில் இருப்பார்கள். காத்திருப்பைக் கட்டுக்குள் வைக்க அதற்கு மேலும் ஆள் வேண்டும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரங்களுக்கு நாம் இன்றும் கொடுப்பது இந்த வேலைப்பளுவைத்தான். அந்த இடத்தில் இடைநிலையை வைத்தால் 4.75 பேர் என்று வரும். 5 பேரை வைத்து ஷிப்டைத் தொடங்கினால் காலையிலேயே வரிசை உடைந்துவிடும். நீண்ட அழைப்பை இடைநிலை கண்டுகொள்ளாமல் விடலாம். அதை எடுத்துப் பேசும் ஏஜெண்ட் அந்த 26 நிமிடமும் சீட்டில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே ஆள் திட்டத்தில் இடைநிலை நுழையவே கூடாது.

அப்படியானால் அது எதற்கு? சராசரி நகரும்போது ஏன் நகர்ந்தது என்று கண்டுபிடிக்க. அடுத்த வாரம் சராசரி 320-லிருந்து 355 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மோசடித் தடுப்புப் பிரிவு போனை எடுக்கத் தாமதமாகி, அந்த ஒரே அழைப்பு 1580-லிருந்து 1965 நொடியானால் சராசரி 355 ஆகும். அடையாளச் சரிபார்ப்பில் புதிய கேள்வி சேர்ந்து 11 அழைப்பும் தலா 35 நொடி நீண்டாலும் சராசரி அதே 355தான். முதல் நிலையில் இடைநிலை 190-இல் அசையாமல் நிற்கும். இரண்டாவதில் 225 ஆகும். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு நிலையும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவதில் நாம் போக வேண்டியது மோசடித் தடுப்புப் பிரிவிடம், இரண்டாவதில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களிடம். இரண்டிலும் நாம் வழக்கமாகச் செய்வது ஏஜெண்ட்களை வேகமாகப் பேசச் சொல்வது. முதல் நிலையில் அது அநியாயம். மற்ற 10 அழைப்பிலும் ஒரு நொடிகூடக் கூடவில்லை. யாரும் மெதுவாக வேலை பார்க்கவில்லை.

இனி இடைநிலையின் குறைகள். நிலுவைத் தொகை கேட்பவர்கள் சுமார் 90 நொடியிலும், புகார் சொல்பவர்கள் சுமார் 600 நொடியிலும் முடிக்கிறார்கள், இடையில் எதுவும் இல்லை என்று கொள்வோம். 100-இல் 52 பேர் நிலுவை கேட்டால் இடைநிலை 90-ஐ ஒட்டி நிற்கும். பில் வந்த வாரத்தில் அது 48 ஆனால் இடைநிலை ஒரே தாவலில் 600-க்குப் போய்விடும். அந்த நான்கு அழைப்பால் சராசரியோ 20 நொடிதான் கூடியிருக்கும். பீதியடைய எதுவும் நடக்கவில்லை. வந்தவர்களின் கலவை மாறியிருக்கிறது, அவ்வளவே. எனவே எல்லா வகையையும் கலந்து ஒரே இடைநிலை போடுவது ஆபத்து. அழைப்பு வகை வாரியாகப் பிரித்தால்தான் அது நம்பத்தக்கது.

இன்னொரு சிக்கல், மாற்றிவிடும் அழைப்பு. அந்த 1580 நொடி அழைப்பை நான்கு பேர் கைமாற்றி, பதிவில் அது 395 நொடியாக நான்கு துண்டாக விழுந்தால், 14 வரி ஆகிறது. சராசரி 251-க்கு இறங்கும், இடைநிலை 225-க்கு ஏறும். இரண்டுக்கும் இடையிலிருந்த 130 நொடி இடைவெளி 26 ஆகிவிடும். வால் ஒழிந்தது போன்ற தோற்றம். வாடிக்கையாளர் அதே 26 நிமிடத்தைத்தான் செலவழித்தார். நாமும் அதே 3520 நொடி வேலையைத்தான் செய்தோம். ஒரே தொடர்பு எண்ணில் வரும் துண்டுகளைச் சேர்த்துவிட்டுக் கணக்கிடாத எந்த அறிக்கையையும் நீங்கள் ஏற்க வேண்டாம்.

இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏமாறும் இடமும் உண்டு. மேலே சொன்ன இஸ்ரேலிய வங்கிப் பதிவில் 10 நொடிக்கும் குறைந்த அழைப்புகள் சந்தேகப்படும் அளவுக்கு இருந்தன. சில ஏஜெண்ட்கள் சற்று ஓய்வு கிடைக்கட்டும் என்று வாடிக்கையாளரின் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். நம் 11 அழைப்போடு 5 நொடி அழைப்பு இரண்டைச் சேர்த்தால் சராசரி 272, இடைநிலை 175. இரண்டும் முன்னேற்றம் போலவே தெரியும். ஆட்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அழைப்பு நேரத்தை இலக்காக வைத்து நெருக்கினால் அந்த நெருக்கடி வெளியேறும் வழிகளில் இதுவும் ஒன்று. இடைநிலையை இலக்காக்கினாலும் இதே கதைதான். கூடுதலாக, கடினமான அழைப்பைத் தட்டிக்கழிப்பவருக்கும் பொறுமையாக முடித்துக் கொடுப்பவருக்கும் ஒரே இடைநிலை வந்துவிடும்.

ஏஜெண்ட் அளவில் சராசரியை நாள்தோறும் பார்ப்பதும் நியாயமில்லை. ஒருவர் நாளுக்கு 60 அழைப்பு எடுத்தால், அந்த 1580 நொடிப் புகார் போன்ற ஒன்று மட்டும் அவர் சராசரியை 23 நொடி உயர்த்திவிடும். அது யார் கைக்கு வருகிறது என்பது வரிசை தீர்மானிப்பது, அவர் தீர்மானிப்பதல்ல.

நம் அழைப்புப் பிரிப்பு அமைப்பு அரை மணிக்கு ஒருமுறை அழைப்பு எண்ணிக்கையையும் மொத்த நொடியையும் மட்டுமே தருகிறது. அதிலிருந்து சராசரி உடனே வரும். எந்த வகுத்தலாலும் இடைநிலை வராது. நாள்வாரி இடைநிலைகளைக் கூட்டி ஐந்தால் வகுத்து வார இடைநிலை என்று போடுவதும் தவறு. ஒவ்வோர் அழைப்பின் பதிவும் வேண்டும். இப்போது அதை வாரம் ஒருமுறை கையால் இறக்கி எடுக்கிறேன். தொடர்பு எண், அழைப்பு வகை இரண்டோடும் அந்தப் பதிவு தினமும் எனக்குக் கிடைக்க ஐ.டி. பிரிவுக்கு நீங்கள் ஒப்புதல் தந்தால், வகைவாரி இடைநிலையையும் 10 நொடிக்குள் முடிந்த அழைப்புகளின் விகிதத்தையும் அடுத்த மாத அறிக்கையிலிருந்தே சேர்த்துவிடுவேன். ஆள் திட்டத்துக்கு இப்போதுபோலவே சராசரி போகும்.